சம்பளம் வந்த மறுநாள் ஆயிரம் ரூபாய்

கேள்வி: ஓசூரில் ஒரு உதிரிபாகத் தொழிற்சாலையில் லைன் சூப்பர்வைசராக இருக்கிறேன். அடுத்த மாதப் பயிற்சி நாளில், புதிதாகச் சேர்ந்த பையன்கள், பெண்களிடம் மாதாமாதம் ஒரு தொகை சேமிக்கச் சொல்லிப் பத்து நிமிடம் பேசச் சொல்லியிருக்கிறார்கள். எல்லோருக்கும் 20, 22 வயது. கையில் 18,000, 19,000 வாங்குகிறார்கள். அறிவுரை மாதிரி இருந்தால் காதிலேயே போட்டுக்கொள்ள மாட்டார்கள். என்ன பேசினால் உண்மையிலேயே தொடங்குவார்கள்?

பயிற்சி நாள் எந்தத் தேதியில் வருகிறது என்று முதலில் பாருங்கள். மாதக் கடைசியில் என்றால், சம்பளம் போடும் வாரத்துக்கு மாற்றித் தரச் சொல்லிக் கேளுங்கள். நீங்கள் என்ன பேசுகிறீர்கள் என்பதைவிட இது பெரிய விஷயம். காரணத்தைப் பின்னால் சொல்கிறேன்.

நான் கோயம்புத்தூர்ப் பக்கம் ஒரு ஆலையில் சம்பளக் கணக்குப் பிரிவில் இருபது வருடத்துக்கு மேல் வேலை பார்த்தவன். மாதம் 20 தேதி தாண்டினால் என் மேசைக்கு அட்வான்ஸ் சீட்டுகள் வரத் தொடங்கிவிடும். பெரும்பாலும் 2,000, 3,000தான். காரணம் எழுதும் இடத்தில் 'வீட்டு அவசரம்' என்று எல்லோருமே எழுதுவார்கள். அதனால் சேமிப்பு பற்றிப் பேச ஒருமுறை என்னைக் கூப்பிட்டபோது பெரிய உற்சாகத்தோடு போனேன். கூட்டு வட்டி, முப்பத்தைந்து வருடம், அறுபது வயதில் இத்தனை லட்சம் என்று பலகை நிறைய எழுதினேன். கை தட்டினார்கள். அடுத்த மாதம் 21 தேதி, முன்வரிசையில் உட்கார்ந்து தலையாட்டிய பையனே அட்வான்ஸ் சீட்டோடு வந்து நின்றான்.

அவன்மேல் தப்பில்லை. இருபத்தோரு வயதுக்காரனுக்கு அறுபது வயது என்பது வேறு யாரோ ஒருவருடைய வயது. அவனுக்குப் பயம் தருவது வருகிற 22 தேதிதான். அன்றைக்கு வண்டி நின்றுவிட்டால், அம்மாவுக்கு உடம்பு முடியாமல் போனால், அக்கா வளைகாப்புக்கு இவ்வளவு கொடு என்று வீட்டிலிருந்து போன் வந்தால் என்ன செய்வது என்பதுதான் அவன் பிரச்சினை. அதற்கு மட்டும் பேசுங்கள். ஓய்வுக்காலம், சொந்த வீடு, கோடீஸ்வரன் எல்லாம் இந்தப் பத்து நிமிடத்தில் வேண்டாம். 'சிறுதுளி பெருவெள்ள'மும் வேண்டாம். அது ஐந்தாம் வகுப்புக் கட்டுரையிலேயே எழுதி முடித்தது.

தொடக்கத்துக்கு ஒரு சம்பளச் சீட்டு போதும். கணக்குப் பிரிவில் கேட்டு, பெயரை மறைத்த ஒரு சீட்டைப் பெரிதாகப் பிரதி எடுத்துக்கொள்ளுங்கள். அடிப்படைச் சம்பளமும் பஞ்சப்படியும் சேர்ந்து 15,000 இருக்கும் ஒருவர் என்று வைத்துக்கொள்வோம். அதில் 12 சதவீதம், அதாவது 1,800 ரூபாய், பி.எஃப். பிடித்தமாகப் போயிருக்கும். கம்பெனியும் அதே அளவு போடுகிறது. அதில் பென்சனுக்கு 1,250 போக, பி.எஃப். கணக்குக்கு 550 வரும். ஆக மாதம் 2,350. ஒரு வருடத்தில் வட்டியை விட்டுவிட்டாலும் 28,200.

இதைச் சொல்லிவிட்டு, 'உங்களில் யாராவது இதுவரை ஒரு ரூபாய்கூடச் சேர்க்கவில்லை என்று நினைக்கிறீர்களா? கை தூக்குங்கள்' என்று கேளுங்கள். நிறையக் கைகள் எழும். வருடம் முடித்த ஒருவரை அழைத்து, 'உன் பி.எஃப். பாஸ்புக்கில் 28,000 இருக்கிறதே, அது யார் பணம்?' என்று கேளுங்கள். கூட்டம் அங்கேதான் நிமிர்ந்து உட்காரும். அந்த 1,800 இல்லாமல் அவர்கள் ஒரு வருடம் வாழ்ந்துவிட்டார்கள், ஒருநாளும் அதைத் தேடவில்லை. கைக்கு வருவதற்கு முன்னாலேயே போன பணம் உறுத்துவதில்லை. நீங்கள் நிறுவ வேண்டியது இந்த ஒன்றைத்தான். ஒரு எச்சரிக்கை: கூட்டத்தில் அப்ரண்டிஸ்கள் இருந்தால் அவர்களுக்கு பி.எஃப். பிடித்தம் இருக்காது. முன்கூட்டியே விசாரித்துக்கொள்ளுங்கள், இல்லையென்றால் அவர்கள் சீட்டைத் தடவிப் பார்த்துக் குழம்புவார்கள்.

அடுத்து போனை எடுக்கச் சொல்லுங்கள். போன மாதம் 2 தேதி கணக்கில் எவ்வளவு இருந்தது, 25 தேதி எவ்வளவு இருந்தது, இந்த இரண்டை மட்டும் அவரவர் பார்த்துக்கொள்ளட்டும். யாரும் வாய்விட்டுச் சொல்ல வேண்டாம். டீக்கு எவ்வளவு, பிரியாணிக்கு எவ்வளவு என்று கூட்ட வைக்காதீர்கள். அப்படிச் செய்தால் நீங்கள் அப்பா ஆகிவிடுவீர்கள், பேச்சு அதோடு முடிந்தது. செலவு போக மிஞ்சியதைச் சேமிக்கலாம் என்றுதான் எல்லோரும் நினைக்கிறோம். 25 தேதியில் அந்தத் திரையில் தெரிவதுதான் மிஞ்சியது. நீங்கள் விளக்கவே வேண்டியதில்லை.

இப்போது பேச்சின் நடுப்பகுதி. இதற்கு நம்மூர் வட்டிக் கணக்கே சரியான ஆயுதம். நானாக இருந்தால் ஏறக்குறைய இப்படிப் பேசுவேன்:

"நம்ம லைனில் வேலை பார்க்கும் ஒரு பையன். பெயர் வேண்டாம். கைக்கு 18,500 வருகிறது. வீட்டுக்கு 7,000, அறை வாடகைப் பங்கு 2,000, மெஸ் 3,500, போன் தவணை 1,500, பெட்ரோல் 1,200, ரீசார்ஜ் 300. எல்லாம் போக 3,000 நிற்கிறது. அது எங்கே போகிறது என்று அவனுக்கும் தெரியாது, எனக்கும் தெரியாது. நான் கேட்கவும் போவதில்லை. ஒருநாள் வண்டி எஞ்சின் போய்விட்டது. பன்னிரண்டாயிரம் ஆகும் என்றான் மெக்கானிக். பையன் எங்கே போனான்? தெரிந்தவரிடம் மூணு வட்டிக்கு வாங்கினான். நூற்றுக்கு மாதம் மூன்று ரூபாய். கேட்க ஒன்றுமில்லாத மாதிரி இருக்கிறது. மாதம் 360 கட்டுகிறான். பத்து மாதம் கட்டினால் 3,600. அசல் பன்னிரண்டாயிரம் அப்படியே உட்கார்ந்திருக்கிறது. அவன் பக்கத்தில் நிற்பவன் அதே சம்பளம் வாங்குகிறான். அந்த 3,000இல் ஆயிரத்தை மட்டும் சம்பளம் வந்த மறுநாளே வங்கி எடுத்துக்கொள்கிற மாதிரி செய்துவைத்திருந்தான். வருடக் கடைசியில் அவனிடம் பன்னிரண்டாயிரத்துக்கு மேல் இருந்தது. அவன் வண்டியும்தான் போனது. அவன் யார் வீட்டு வாசலிலும் நிற்கவில்லை. நான் உங்களைப் பணக்காரன் ஆகச் சொல்லவில்லை. யாரிடமும் மூணு வட்டிக்குப் போய் நிற்காத ஒரு வருடத்தைச் சம்பாதித்துக்கொள்ளச் சொல்கிறேன்."

இதில் வங்கி தரும் வட்டியைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை என்பதைக் கவனித்திருப்பீர்கள். வேண்டுமென்றேதான் விட்டேன். மாதம் ஆயிரம் வீதம் ஒரு வருட ஆர்.டி. போட்டால், ஆறரை சதவீத வட்டியில் கிடைப்பது சுமார் 430 ரூபாய். 'வருடம் முழுக்கக் கட்டி 430ஆ?' என்று பின்வரிசையில் ஒருவன் கேட்பான், எல்லோரும் சிரிப்பார்கள். அதனால் அவன் கேட்பதற்கு முன்னால் நீங்களே சொல்லிவிடுங்கள்: 'வங்கி தரப்போவது நானூற்றுச் சொச்சம்தான். அதற்காகப் போடச் சொல்லவில்லை. மூணு வட்டி என்பது வருடத்துக்கு 36 சதவீதம். கையில் பன்னிரண்டாயிரம் வைத்திருப்பவன் அந்த 36ஐக் கட்டாமல் தப்பிக்கிறான். முதல் வருடச் சேமிப்பின் உண்மையான வருமானம் அதுதான்.' உண்மையை முதலில் போட்டு உடைத்தவர் சொல்வதை மற்றவற்றிலும் நம்புவார்கள்.

எவ்வளவு என்று கேட்டால் ஆயிரம் என்று நீங்களே ஒரு தொகையைச் சொல்லுங்கள். 'உங்களால் முடிந்த அளவு' என்று விட்டால் இரண்டு தப்பு நடக்கும். பாதிப் பேர் யோசித்துச் சொல்கிறேன் என்று எழுந்து போவார்கள். மீதிப் பேர் அந்த நேரத்து வேகத்தில் 4,000, 5,000 என்று போட்டுவிட்டு மூன்றாம் மாதம் கணக்கை மூடுவார்கள். இந்த இரண்டாவது வகைதான் எனக்குக் கவலை. ஒருமுறை மூடியவன் 'எனக்கு இதெல்லாம் ஒத்துவராது' என்று முடிவு கட்டிவிடுவான், அப்புறம் அவனைத் திரும்பக் கொண்டுவருவது கஷ்டம். வீட்டுக்கு அனுப்பவே சரியாக இருக்கிறது என்பவர்கள் இருப்பார்கள், அது சாக்கு இல்லை, நிஜம்தான். அவர்களுக்கு 300 போதும். மாதம் தவறாமல் 300 போனால், தவறித் தவறிப் போகும் ஆயிரத்தைவிட நல்லது.

எங்கே போடுவது என்பதில் உங்கள் கூட்டத்துக்கு ஒரே ஒரு வழியைக் காட்டுங்கள்: சம்பளக் கணக்கு இருக்கும் வங்கியிலேயே 12 மாத ஆர்.டி. வங்கியின் செயலியில் `Recurring Deposit` என்று இருக்கும். தொகை, மாதங்கள், எந்தக் கணக்கிலிருந்து பிடிக்க வேண்டும், நாமினி யார், இவ்வளவுதான் கேட்கும். ஐந்து நிமிட வேலை. அஞ்சலக ஆர்.டி. எனக்குப் பிடித்ததுதான், ஆனால் அது ஐந்து வருடத் திட்டம். மூன்று வருடத்துக்கு முன்னால் மூட முடியாது. அதற்குப் பிறகு இடையில் மூடினாலும் சாதாரண சேமிப்புக் கணக்கின் வட்டிதான் கிடைக்கும். 22 தேதி அவசரத்துக்கு அது கை கொடுக்காது. வங்கி ஆர்.டி.யை வட்டியில் கொஞ்சம் பிடித்துக்கொண்டு நடுவிலேயே தந்துவிடுவார்கள்.

இங்கேதான் தேதி விவகாரம் வருகிறது. பல வங்கிகளில் ஆர்.டி.யை எந்தத் தேதியில் தொடங்குகிறோமோ, அதுவே ஒவ்வொரு மாதமும் பணம் பிடிக்கும் தேதி ஆகிவிடும். இது தெரியாமல் நான் இரண்டாவது முறை பேசியது ஒரு 18 தேதி. பேச்சு நன்றாகவே போனது. அங்கேயே போனை எடுத்து இருபது பேருக்கு மேல் தொடங்கினார்கள். நானும் மீசையை முறுக்கிக்கொண்டேன். அடுத்த மாதம் 18 தேதி அவர்களில் பாதிப் பேர் கணக்கில் ஆயிரம் இல்லை. தவணை தவறியது, வங்கி அபராதம் பிடித்தது, 'சேமிக்கச் சொல்லி ஃபைன் கட்ட வைத்துவிட்டார்' என்று கேன்டீனில் பேச்சு. சம்பளம் வரும் தேதியோடு பிடிக்கும் தேதியும் ஒட்டி இருக்க வேண்டும். உங்களிடம் சம்பளம் 1 தேதி வருகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள், சில மாதம் 5, 7 என்று தள்ளிப்போகும் என்றால் 8 தேதி தொடங்கச் சொல்லுங்கள். பயிற்சி நாளை மாற்ற முடியாவிட்டால் அன்றைக்கு யாரையும் தொடங்க வைக்காதீர்கள். போனில் அந்தத் தேதிக்கு நினைவூட்டல் மட்டும் போடச் சொல்லிவிட்டு, அன்று காலை ஷிப்டு தொடங்கும்போது ஐந்து நிமிடம் வாங்கிக்கொண்டு எல்லோரையும் சேர்ந்து தொடங்க வையுங்கள். ஷிப்டு முடிந்த பிறகு வேண்டாம், கம்பெனி பஸ்ஸைப் பிடிக்கும் அவசரத்தில் யாருக்கும் ஓ.டி.பி. வராது.

கேள்விகள் வரும். மூன்றுக்கு மட்டும் தயாராக இருங்கள்.

'அம்மா சீட்டுக் கட்டுகிறார்கள், அது போதாதா?' இதை மறுத்துப் பேசாதீர்கள். நம்மூர்ச் சீட்டில் ஒரு பெரிய பலம் இருக்கிறது. மாதம் பிறந்தால் கட்டியே ஆக வேண்டும், இல்லையென்றால் சீட்டுக்காரம்மா வாசலுக்கு வந்துவிடுவார். அந்தக் கட்டாயம்தான் சேர வைக்கிறது, ஆர்.டி.யில் அந்தம்மா வேலையை வங்கி பார்க்கிறது என்று சொல்லுங்கள். பதிவு செய்யாத சீட்டில் நடத்துபவர் ஊரைவிட்டுப் போனால் கேட்க நாதியில்லை என்பதையும் சொல்லுங்கள், அவர்களுக்கே ஒரு கதை தெரிந்திருக்கும். நகைக்கடைச் சீட்டு வேறு மாதிரி. பெரும்பாலும் முடிவில் நகையாகத்தான் எடுக்க முடியும். அவசரத்துக்குப் பணமாக வேண்டுமென்றால் அதை அடகு வைக்க வேண்டும், சுற்றிச் சுற்றி மறுபடி வட்டிக்குத்தான் வந்து நிற்போம்.

'எஸ்.ஐ.பி. போட்டால் இன்னும் நிறைய வருமே?' மாதாமாதம் மியூச்சுவல் ஃபண்டில் பணம் போடும் எஸ்.ஐ.பி.யைப் பற்றிக் கேட்பவன் யூடியூப் பார்த்துவிட்டு வந்திருப்பான். கெட்டிக்காரன், அவனை மட்டம் தட்ட வேண்டாம். நீண்ட காலத்துக்கு அவன் சொல்வது சரியாக இருக்கலாம். ஆனால் இந்தப் பன்னிரண்டாயிரம் எந்த நாளில் தேவைப்படும் என்று தெரியாத பணம். 2020இல் சந்தை இறங்கியதை நினைவுபடுத்துங்கள். ஜனவரி உச்சத்திலிருந்து மார்ச் கடைசிக்குள் பங்குச் சந்தைக் குறியீடான நிஃப்டி மூன்றில் ஒரு பங்குக்கு மேல் விழுந்தது. தொழிற்சாலைகள் மூடிக் கிடந்ததும், ஓவர்டைம் இல்லாமல் போனதும் அதே நாட்கள்தான். பணம் தேவைப்படும் நேரமும் பங்கு விழும் நேரமும் சேர்ந்தே வரக்கூடும். முதல் பன்னிரண்டாயிரம் ஆர்.டி.யில் சேரட்டும், அடுத்ததை அவன் விருப்பப்படி செய்யட்டும்.

'போன் தவணை முடியட்டும், அப்புறம் பார்க்கலாம்' என்பது மூன்றாவது. உண்மையில் இது கேள்வியே இல்லை, உங்களுக்குக் கிடைத்த வாய்ப்பு. தவணை எந்த மாதம் முடிகிறது என்று கேட்டு எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். 1,500 இல்லாமல் வாழப் பழகியவன், தவணை முடிந்த மாதமே அதில் ஆயிரத்தை ஆர்.டி.க்குத் திருப்பினால் வலியே தெரியாது. ஒரு மாதம் விட்டால் போச்சு, அந்த 1,500க்குப் புது வழி பிறந்துவிடும்.

சம்பள உயர்வுக்கும் இதே கணக்குதான். இன்றைக்கு ஆயிரத்தோடு நிறுத்துங்கள், கூட்டச் சொல்லாதீர்கள். அதற்குப் பதிலாக, 'அடுத்த உயர்வு வரும்போது அதில் பாதியைச் சேர்த்துக்கொள்கிறேன்' என்று இப்போதே ஒரு தாளில் எழுத வையுங்கள். ரிச்சர்டு தேலர் என்ற பொருளாதார அறிஞரும் ஷ்லோமோ பெனார்ட்சியும் அமெரிக்காவில் ஒரு கம்பெனியில் செய்து பார்த்தது இதுதான். இப்போதே அதிகம் சேமிக்க முடியாது என்றவர்களிடம், சம்பளம் உயரும்போதெல்லாம் சேமிப்பும் தானாக உயரும்படி முன்கூட்டியே ஒப்புதல் வாங்கினார்கள். சேர்ந்தவர்களின் சேமிப்பு நாற்பது மாதத்தில் சம்பளத்தில் 3.5 சதவீதத்திலிருந்து 13.6 சதவீதத்துக்குப் போனது. 2004இல் அதை வெளியிட்டார்கள். தேலருக்கு 2017இல் நோபல் கிடைத்தது. கூட்டத்தில் இதைச் சொல்ல வேண்டியதில்லை, உங்கள் மேலாளர் 'எதற்குத் தாளில் எழுத வைக்கிறீர்கள்' என்று கேட்டால் சொல்ல உதவும். கையில் இருக்கும் பணத்தைப் பிரிய மனசு வராது, இன்னும் வராத பணத்தில் பாதியைக் கொடுக்க யாருக்கும் கஷ்டம் இல்லை, அவ்வளவுதான் சூட்சுமம்.

பேச்சு எடுபட்டதா என்பது கை தட்டலில் தெரியாது. நான்காவது மாதம் கணக்குப் பிரிவில் போய், 20 தேதிக்குப் பிறகு இந்தக் கூட்டத்திலிருந்து எத்தனை அட்வான்ஸ் சீட்டு வந்தது என்று கேளுங்கள். பெயர் கேட்காதீர்கள், எண்ணிக்கை போதும். பேச்சுக்கு முந்தைய மாத எண்ணிக்கையையும் இப்போதே வாங்கி வைத்துக்கொண்டால்தான் ஒப்பிட முடியும்.

பன்னிரண்டாவது மாதம் இன்னொரு முறை ஐந்து நிமிடம் அவர்களைக் கூட்டுங்கள். ஆர்.டி. முதிர்ந்ததும் பணம் அதே சம்பளக் கணக்கில் வந்து விழும். எங்கள் ஆலையில் ஒரு பெண் வருடம் முழுக்க ஒழுங்காகக் கட்டினாள். 12,400 வந்து விழுந்த வாரம் தீபாவளி, பத்து நாளில் கணக்கு பழையபடி ஆகிவிட்டது. 'சேர்த்த மாதிரியே இல்லை சார்' என்றாள். அதனால் முதிர்வுத் தேதிக்கு ஒரு வாரம் முன்னால் ஞாபகப்படுத்தி, வந்த பணத்தில் பத்தாயிரத்தை அன்றைக்கே வைப்பு நிதியாகப் போடச் சொல்லுங்கள், மீதி 2,400 அவர்கள் இஷ்டம். அந்தப் பத்தாயிரம் அவசரத்துக்கு நிற்கும். மறுநாள் தொடங்கும் புது ஆர்.டி.யை வேண்டுமானால் அஞ்சலகத்தில் தொடங்கலாம். மாதம் ஆயிரம், ஐந்து வருடம், இப்போதைய 6.7 சதவீதத்தில் கட்டிய 60,000 முடிவில் 71,000க்குச் சற்று மேல் வரும். மூன்று வருடம் மூட முடியாது என்பது இப்போது அவர்களுக்குக் குறையாகத் தெரியாது, ஏனென்றால் அவசரத்துக்கு வேறு பணம் இருக்கிறது.